உதவி: நவம்பர் 16 பதாகையில் பாரதி வரிகள் – எங்கே உடைப்பது, பெயரை எப்படிப் போடுவது?

டர்பன் மல்லி
வணக்கம். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பன் வந்த நாளுக்காக எங்கள் சங்கம் ஒரு பதாகை அடிக்கிறது. அதே படம் வாட்ஸ்அப்பிலும் போகும். செயற்குழு கொடுத்த வாசகம் இது:

விம்மி அழும் குரல் கேட்டிருப்பாய்
காற்றே! துன்ப கேணியிலே
எங்கள் முன்னோர் அழுத சொல்
மீண்டும் உரையாயோ?
– பாரதியார் நேட்டால் கரும்புத் தோட்டத்தைப் பாடியது

பாடத் தெரிந்த எங்கள் சித்தி, "இது வாயில் ஓடலையே" என்கிறார். எங்கே பிசகு என்று சொல்ல அவருக்கும் தெரியவில்லை. நான் தமிழ் படித்தது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

பீனிக்ஸ் ராஜா
பாரதி பாட்டுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம் தங்கச்சி. 1949லேயே சென்னை அரசு உரிமையை வாங்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது. தைரியமா அடிங்க.

டர்பன் மல்லி
அனுமதி பற்றிக் கேட்கவில்லை அண்ணா. வரிகள் சரியா என்றுதான்.

மாலை வகுப்பு வாத்தியார்
ராஜா சொன்ன 1949 சரி. ஆனால் அது அச்சடிக்கத்தான் சுதந்திரம். நாம் எழுதியதற்குக் கீழே பாரதி பெயரைப் போட அல்ல. மல்லி, 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டின் அந்தப் பகுதி பதிப்பில் இப்படி இருக்கிறது:

நாட்டை நினைப்பாரோ? – எந்த
நாளினிப் போயதைக் காண்பதென்றே அன்னை
வீட்டை நினைப்பாரோ? – அவர்
விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல்
கேட்டிருப்பாய் காற்றே! – துன்பக்
கேணியிலே எங்கள் பெண்கள் அழுதசொல்
மீட்டும் உரையாயோ? – அவர்
விம்மி யழவுந் திறங்கெட்டுப் போயினர்

வரி எங்கே உடைகிறது என்பதைப் பாட்டே காட்டுகிறது. ஒரு வரி விட்டு ஒரு வரியின் தொடக்கத்தைப் பாருங்கள்: நாட்டை, வீட்டை, கேட்டி, மீட்டும். இரண்டாம் எழுத்து நான்கிலும் ட். அதுதான் எதுகை. உங்கள் வாசகத்தில் 'கேட்டிருப்பாய்' வரியின் கடைசிக்குப் போய்விட்டது. 'மீட்டும்' என்பதை யாரோ பிழை என்று நினைத்து 'மீண்டும்' ஆக்கிவிட்டார்கள். பொருள் ஒன்றுதான், ஆனால் எதுகை போய்விட்டது. சித்தியின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கோட்டுக்குப் பிறகு வரிக்கடைசியில் தனியாகத் தொங்கும் 'எந்த', 'அவர்', 'துன்பக்' எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். அநாதையாக நிற்கிறதே என்று அடுத்த வரிக்குத் தள்ளினால், கேணி என்று தொடங்க வேண்டிய வரி துன்பம் என்று தொடங்கும். கேட்டி–கேணி என்ற மோனையும் போகும். இன்னொன்று, 'துன்பக்' கடைசியில் உள்ள க் அடுத்த வரியின் கேணிக்காக நிற்கிறது. வடிவமைப்பவர் அதை எழுத்துப்பிழை என்று நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'விம்மி'யும் அப்படித்தான். நான்கு முறை வருவது தட்டச்சுக் கோளாறு இல்லை, அழுகை நிற்காமல் வருவதைப் பாட்டு அப்படியே கேட்க வைக்கிறது.

துங்காட் பேரன்
எங்க ஆயா கல்லறைக் கல்லில் ஒரு குறள் போட்டோம். கல் அகலம் போதாதுன்னு கொத்தனார் மூணு வரியா வெட்டிட்டார். மேலே நாலு சீர், கீழே மூணு சீர்னு அவருக்கு யார் சொல்றது? இப்போ ஒவ்வொரு வருஷமும் போய்ப் பார்த்து மனசு கஷ்டமா இருக்கு. கல்லை மாற்ற வழி இருக்கா?

மாலை வகுப்பு வாத்தியார்
கல் விஷயம் கல்வேலைக்காரரிடம்தான் கேட்க வேண்டும் தம்பி. பதாகைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, எழுத்தைச் சிறிதாக்கலாம். வரியை வெட்டுவதைவிட அது மேல்.

மல்லி, இப்போது பொருளுக்கு வருகிறேன். பாட்டில் 'எங்கள் பெண்கள்' என்றுதான் இருக்கிறது. பிஜித் தீவில் ஹிந்துப் பெண்கள் படும் பாட்டைத்தான் பாரதி இதில் பாடினார். இதற்கு முந்தின கண்ணியில் 'தெற்கு மாகடலுக்கு நடுவினிலே' உள்ள 'கண்ணற்ற தீவு' என்று இடத்தையும் சொல்லிவிடுகிறார். நேட்டால் தீவு இல்லையே. 'முன்னோர்' என்று மாற்றியதில் பெண்கள் மறைந்தார்கள், 'நேட்டால்' என்று போட்டதில் பிஜி மறைந்தது.

பீனிக்ஸ் ராஜா
அப்போ பிஜிப் பாட்டை நாம ஏன் போடணும்? பாரதியின் 'தமிழச் சாதி'யில் ஆப்பிரிக்காவே பேரோட வருது. அதையே போடலாமே.

மாலை வகுப்பு வாத்தியார்
வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆப்பிரிக்கா வரும் அதே வரியில், இந்த நாட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாத இனச்சொல்லின் தமிழ் வடிவமும் இருக்கிறது. டர்பன் தெருவில் பதாகையாக அதைத் தொங்கவிட முடியாது. அந்தச் சொல்லை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு வரியைப் போடுவதும் தப்பு. வேண்டுமானால் கொஞ்சம் கீழே போய் 'நாட்டினைப் பிரிந்த நலிவினாற் சாதலும்' என்ற ஒரு வரியை மட்டும் எடுக்கலாம். அதில் ஆப்பிரிக்கா வராது, அதற்காகத்தானே அந்தப் பாட்டையே தேடினீர்கள்?

வெருலம் அச்சுக்காரன்
நான் பதாகை அடிக்கிறவன். கேட்ட அளவில் தூரத்திலிருந்து படிக்க நாலு வரிதான் நிற்கும். 'விம்மி விம்மி'யில் தொடங்கி 'உரையாயோ?'வில் நிறுத்துங்க. முன்னும் பின்னும் மூணு புள்ளி வைங்க.

வாட்ஸ்அப்புக்கு எழுத்தாகவும் அனுப்பினா, சின்னக் கோடு போட்டு இடம் விட்டு எந்த வரியையும் தொடங்காதீங்க. அது தானா பட்டியல் புள்ளியா மாறிடும்.

மாலை வகுப்பு வாத்தியார்
தொடக்கம் சரி. 'கேட்டிருப்பாய் காற்றே' என்று தொடங்கினால் எதைக் கேட்டது என்றே தெரியாது. ஆனால் 'உரையாயோ?'வில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. காற்றை ஏன் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்? அந்தப் பெண்களுக்கு இனி விம்மி அழக்கூட வலுவில்லை. காரணம் அடுத்த வரியில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் காற்றிடம் பேசும் அழகான வரிகளாக மட்டும் நின்றுவிடும். ஐந்து வரி வையுங்கள்.

வெருலம் அச்சுக்காரன்
ஐயா, அஞ்சு வரின்னா சங்கத்தோட வாழ்த்து வாசகத்தை எடுக்கணும். அதுக்குத் தலைவர் சம்மதிக்க மாட்டார்.

டர்பன் மல்லி
இருவருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்:

… விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல்
கேட்டிருப்பாய் காற்றே! – துன்பக்
கேணியிலே எங்கள் பெண்கள் அழுதசொல்
மீட்டும் உரையாயோ? – அவர்
விம்மி யழவுந் திறங்கெட்டுப் போயினர்

சுப்பிரமணிய பாரதியார், 'கரும்புத் தோட்டத்திலே' (பிஜித் தீவின் பெண்களைப் பற்றிய பாடல்)

இதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, வேறு எழுத்துருவில் சங்கத்தின் வாசகம்: "1860 முதல் நேட்டால் தோட்டங்களில் உழைத்த எங்கள் முன்னோர் நினைவாக." வாழ்த்தை எடுக்கத் தலைவரிடம் இன்று மாலை கேட்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் போட வேண்டும் என்கிறார்கள். அதிலும் இதே இடத்தில்தான் உடைக்க வேண்டுமா?

மாலை வகுப்பு வாத்தியார்
ஆமாம், வரிக்கு வரி. தமிழைப் பார்த்துப் பாடுகிறவரும் உச்சரிப்பைப் பார்த்துப் பாடுகிறவரும் ஒரே இடத்தில் மூச்சு விட வேண்டும். பிஜி என்பதைப் பெயர் வரியிலேயே வைத்தது நல்லது. சங்க வாசகத்தை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள், அதையும் பாரதி சொன்னதாக நினைப்பார்கள்.

பீனிக்ஸ் ராஜா
எனக்கு இன்னும் பிஜிப் பாட்டு ஒட்டலை. தலைவர் என்ன சொல்றார்னு எழுதுங்க.

வெருலம் அச்சுக்காரன்
மல்லி, கோப்பை அனுப்பும்போது எழுத்தைப் படமா மாத்தி அனுப்புங்க. எங்க கணினியில உங்க எழுத்துரு இல்லைன்னா 'கே'யில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போயிடும். வரியும் அதுவா உடைஞ்சுக்கும்.