புதுப்பிப்பு: புதுச்சேரியில் பார்த்த பழைய சீகோ 5 கைக்கடிகாரம்

"பழைய சீகோ 5 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன், ஆனால் முதலில் பேசிய விலைக்கு அல்ல.

தயாரித்த ஆண்டை அறிய வரிசை எண்ணே போதும் என்றவர் சொன்னது பாதி சரி. முதல் இலக்கம் 3. அது ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே. விற்பவர் 2013 என்றார். 2003 ஆகவும் இருக்கலாம். ரசீதும் இல்லை.

கைகொடுத்தது கடலூர் அண்ணன் சொன்ன சோதனைதான். பின்மூடியில் 7எஸ்26 என்று பொறித்திருந்தது. அந்த இயந்திரத்தில் சாவித் திருகை வெளியே இழுத்தாலும் விநாடி முள் ஓடிக்கொண்டே இருக்கும். இதிலோ சட்டென்று நின்றது! நேரு வீதியில் ஒரு பழுது பார்ப்பவரிடம் திறக்கச் சொன்னோம். உள்ளே என்எச்36. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய தேதி ஒன்று, 2021. பழுது பார்த்ததற்குக் கிடைத்த ஒரே சான்று அதுதான்.

என்எச்36 நல்ல இயந்திரம், சீகோ குழுமத்தினுடையதே. ஆனால் இந்தக் கடிகாரத்தோடு பிறந்ததல்ல. மாற்றியது தனக்கே தெரியாது என்றார் விற்பவர். நம்புவதா என்று இன்னும் தெரியவில்லை. விலையைக் குறைத்ததும் அங்கேயே பணம் கொடுத்தேன்.

இந்தக் கடிகாரத்துக்குப் பேட்டரி விசாரித்த நண்பருக்கு: இது தானாகச் சாவி ஏறும் வகை, பேட்டரியே கிடையாது.