"பார்சல் வரவில்லை" என்று சார்ஜ்பேக்: எதைக் கொடுத்தபோது பணம் திரும்பி வந்தது?

சுங்குடிக் கடை, சின்னாளபட்டி
கார்டில் கட்டிய பணத்தைக் கஸ்டமர் தன் வங்கி மூலம் திரும்பக் கேட்கும் இந்தச் சார்ஜ்பேக்கில் இரண்டு முறை அனுபவப்பட்டேன். முதல் முறை புனேவுக்கு அனுப்பிய 4,250 ரூபாய் சேலைகள். கூரியர் தளத்தில் "Delivered" என்று இருந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூடவே ஒன்றரைப் பக்கம் கோபமாகக் கடிதம் எழுதி அனுப்பினேன். தோற்றேன். அப்புறம்தான் அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தேன். தேதியும் ஊர்ப் பெயரும் மட்டும் இருந்தன. அது என் கஸ்டமர் வீட்டுக்குத்தான் போனது என்று அதில் எங்கும் இல்லை.

இரண்டாவது, ஹைதராபாத், மூன்று சேலை, 6,800 ரூபாய். பொருள் போய் நாற்பது நாள் கழித்துப் பிரச்சினை எழுப்பினார். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே, பதில் கொடுக்க ஏழு நாள் அவகாசம் கொடுத்தது. இந்த முறை கூரியர் கிளையில் போய் உட்கார்ந்து, கையெழுத்தும் முழு முகவரியும் உள்ள டெலிவரிச் சான்றான பி.ஓ.டி.யின் நகலை வாங்கினேன். ஆர்டரில் அவரே டைப் செய்த முகவரி, அதே முகவரியும் பார்சலின் டிராக்கிங் எண்ணான ஏ.டபிள்யூ.பி. எண்ணும் உள்ள இன்வாய்ஸ், எடை போட்ட புக்கிங் ரசீது, பி.ஓ.டி. என்று வரிசையாக வைத்தேன். நான்கிலும் பின்கோடு ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கிடைத்தது. டெலிவரி ஆன மூன்றாம் நாள் அவர் வாட்ஸ்அப்பில், பச்சைச் சேலையை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்! அதை முதல் பக்கத்தில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது.

வெங்கட், கோவை
இவ்வளவு சிரமம் எதற்கு? ஓ.டி.பி. போட்டுத்தானே பணம் கட்டியிருப்பார்? அந்தப் பதிவைக் கொடுத்தால் பொறுப்பு அவருடைய வங்கிக்குப் போய்விடும். எனக்கு ஒரு முறை அப்படித்தான் முடிந்தது.

முன்னாள் கேட்வே ஊழியர்
நான்கு வருடம் இந்தப் பிரிவில்தான் வேலை பார்த்தேன். வெங்கட் சொல்வது வேறு வழக்குக்குச் சரி. "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை" என்று கஸ்டமர் சொன்னால் ஓ.டி.பி. பதிவு காப்பாற்றும். இங்கே அவர், "நான்தான் கட்டினேன், பொருள் வரவில்லை" என்கிறார். அதற்கு ஓ.டி.பி. பதில் ஆகாது. நோட்டீஸில் காரண எண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். விசா கார்டில் 13.1 என்றால் பொருள் வரவில்லை என்ற புகார். 10.4 என்றால் மோசடிப் புகார்.

இன்னொன்று, டிராக்கிங் லிங்க்கை மட்டும் அனுப்பாதீர்கள். படிப்பவர் அதைத் திறந்து பார்ப்பார் என்று நம்ப முடியாது. சில மாதத்தில் அந்தப் பக்கமே காணாமல் போகும். பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் தமிழில் இருந்தால் கீழே ஆங்கிலத்தில் எழுதுங்கள். அனுப்பியவரின் எண்ணும் தேதியும் படத்தில் தெரிய வேண்டும், அந்த எண் ஆர்டரில் உள்ள எண்ணாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ யாருக்கோ அனுப்பிய செய்திதான் அது.

மீனா, கரூர்
எனக்கும் இதே கதைதான். பெட்ஷீட் கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பினேன், ரிட்டர்னில் பழைய துணி வந்தது. இதற்கு என்ன ஆதாரம் கொடுப்பது?

முன்னாள் கேட்வே ஊழியர்
மீனா அக்கா, அதில் கார்டே இல்லையே, சார்ஜ்பேக் எங்கிருந்து வரும்? அதைக் கூரியரிடம்தான் கேட்க வேண்டும். பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?

மீனா, கரூர்
இல்லை தம்பி.

ராஜா, சென்னை
என் பி.ஓ.டி.யில் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி கையெழுத்து இருக்கிறது. கஸ்டமர் "என் கைக்கு வரவில்லை" என்கிறார். இது செல்லுமா?

முன்னாள் கேட்வே ஊழியர்
இப்படி ஜெயித்ததையும் பார்த்திருக்கிறேன், தோற்றதையும் பார்த்திருக்கிறேன். அவர் கொடுத்த முகவரிக்கே போயிருப்பது உங்கள் பக்கம் பலம். டெலிவரி அன்று அவருக்குப் போன எஸ்.எம்.எஸ். பதிவைக் கூரியரிடம் கேளுங்கள். ஆர்டருக்குப் பிறகு முகவரியை ஏதும் மாற்றினாரா?

ராஜா, சென்னை
ஃபிளாட் எண்ணை மட்டும் போனில் மாற்றிச் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை.

சுங்குடிக் கடை, சின்னாளபட்டி
அங்கேதான் மாட்டுவீர்கள். நான் இப்போதெல்லாம் போனில் யார் மாற்றினாலும், "புது முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அது வந்த பிறகுதான் பார்சல் கிளம்பும்" என்று சொல்லிவிடுகிறேன்.

ராஜா, சென்னை
நாளை மாலைதான் கடைசி நேரம். கூரியர் கிளையில் எஸ்.எம்.எஸ். பதிவு நாளைக்குத்தான் கிடைக்குமாம். இருப்பதை இன்றே ஏற்றிவிடவா?

முன்னாள் கேட்வே ஊழியர்
உங்கள் கேட்வேயில் சமர்ப்பித்த பிறகு திருத்த விடுவார்களா என்று பாருங்கள். பல இடங்களில் ஒரே ஒரு முறைதான். அப்படியென்றால் எல்லாவற்றையும் டிராஃப்டில் வைத்துவிட்டு, நாளை மதியம் வரை காத்திருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ராஜா, சென்னை
சரி. கிளை ஒன்பது மணிக்குத் திறக்கும், எட்டரைக்கே வாசலில் நிற்கிறேன்.