கீஃபிரேம் சரி, வளைவு தவறு: லிரிக் வீடியோ செய்தவர்களின் அனுபவங்கள்

கண்டனூர்க்காரன்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போகும் குழு ஒன்று, தாங்களே எழுதிப் பாடிய பாட்டுக்கு லிரிக் வீடியோ செய்து வைத்திருந்தது. வேறொரு தம்பி செய்து கொடுத்தது. "எழுத்து பாட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது, என்னவென்று பாருங்கள்" என்று என்னிடம் கொண்டு வந்தார்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன். நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு சொல்லும் கீழிருந்து எழும்பி வந்து நிற்க 8 ஃபிரேம். பாடகர் அந்தச் சொல்லைத் தொடங்கும் இடத்துக்கு 4 ஃபிரேம் முன்னால் முதல் கீஃபிரேம், 4 ஃபிரேம் பின்னால் கடைசிக் கீஃபிரேம். இடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் கீஃபிரேமையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியாக `F9` தட்டியிருந்தார். கோளாறு அங்கேதான்.

`F9` தரும் `Easy Ease` இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைக்கும். மெதுவாகக் கிளம்பி, நடுவில் ஓடி, மெதுவாக நிற்கும். ஆகவே பாடகர் வாயைத் திறக்கும் அந்த நடு ஃபிரேமில் சொல் பாதித் தூரம்தான் வந்திருக்கும். கண் அதை "வந்துவிட்டது" என்று ஏற்பதற்குள் மேலும் இரண்டு ஃபிரேம் போய்விடும். இரண்டு ஃபிரேம் என்றால் 80 மில்லிநொடி. ஒரு சொல்லில் யாருக்கும் தெரியாது. பாட்டு முழுக்க ஒவ்வொரு சொல்லும் இப்படி வந்தால் பாடகரே சோர்ந்து பாடுவதுபோல் இருக்கும்.

முதல் கீஃபிரேமை நேர்கோடாக விட்டேன். கடைசிக் கீஃபிரேமில் மட்டும் `Shift+F9` கொடுத்து, `Keyframe Velocity` பெட்டியில் உள்வரும் `Influence` அளவை 33-லிருந்து 85 ஆக்கினேன். இப்போது சொல் கிளம்பும்போதே பாய்ந்து, அதே நடு ஃபிரேமில் ஏறத்தாழ 85 சதவீதத் தூரத்தைக் கடந்துவிடுகிறது. மீதி நான்கு ஃபிரேமில் அடங்கி உட்காருகிறது. ஒரு கீஃபிரேமைக்கூட நகர்த்தவில்லை, குழுவினரோ "எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிட்டீர்களா?" என்று கேட்டார்கள்.

இரண்டாவது விஷயம் மார்க்கர் வைக்கும் இடம். பாட்டின் ஒரு வரி இது: "கால் கடுக்க நடந்து வந்தோம் கந்தா". ஒலி அடுக்கைத் தேர்ந்தெடுத்து `L` விசையை இரண்டு முறை தட்டினால் அலைவடிவம் தெரியும். "கந்தா"வில் ககரம் வெடித்த உடனே உயிரொலி வந்துவிடுகிறது. எங்கே வைப்பது என்ற குழப்பமே இல்லை. "நடந்து" அப்படியில்லை. முதலில் நகரத்தின் முனகல் சிறு மேடாகத் தெரியும், அதன் பிறகுதான் அகரம் உயரமாக எழும். காது தாளத்தை அந்த உயரத்தில்தான் உணர்கிறது. சிறு மேட்டின் தொடக்கத்தில் மார்க்கர் வைத்தால் சொல் இரண்டு ஃபிரேம் முந்திக்கொள்ளும். முந்துவதைப் பொறுத்துக்கொள்ளலாம், பிந்துவதைத்தான் தாங்க முடியாது. ஆனால் பக்கத்துச் சொற்களெல்லாம் கச்சிதமாக விழும்போது இது ஒன்று மட்டும் துள்ளித் தெரியும். "சரவணா" போலச் சீறலோடு தொடங்கும் சொல்லில் இந்த இடைவெளி இன்னும் கூடுதல்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

தேவகோட்டை எடிட்டர்

நுழையும்போது எப்போதும் `ease-out`, வெளியேறும்போது `ease-in`. இது அடிப்படைதானே அண்ணே, நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்களே? `Shift+F9` என்பது `Easy Ease In` அல்லவா?

கண்டனூர்க்காரன்

தம்பி, நீங்கள் சொல்வது இணையப் பக்கங்களின் வழக்கம், அங்கே அது சரி. அங்கே இயக்கத்தின் முடிவில் அடங்குவதை `ease-out` என்கிறார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கீஃபிரேமின் பக்கம் நின்று பார்க்கிறது: அதற்குள் வந்து சேரும் பாதை `In`, அதிலிருந்து கிளம்பும் பாதை `Out`. பெயரை நம்பாமல் `Graph Editor` திறந்து வேக வரைபடத்தைப் பாருங்கள். மலை இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்தால் நமக்கு வேண்டியது அதுதான்.

தேவகோட்டை எடிட்டர்

சரி, பார்த்தேன். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் 8 ஃபிரேம் என்பதை நான் ஏற்கவில்லை. வேகமான சரணத்தில் அடுத்த சொல் 7 ஃபிரேமில் வந்து நிற்கிறது.

கண்டனூர்க்காரன்

அங்கே 5 ஃபிரேமாகக் குறைத்தேன். அதற்கும் கீழே போனால் அசைவு தெரியாது, வெட்டிப் போட்டதுபோல் இருக்கும். அவ்வளவு நெருக்கமான இடத்தில் சொல் சொல்லாக விடாமல், இரண்டு மூன்று சொற்களை ஒரே கொத்தாகக் கொண்டு வருவதே மேல்.

பள்ளத்தூர் ஸ்டுடியோ

எனக்கும் இதே தொல்லைதான். திருமண வீடியோவுக்கு ஒரு நலங்குப் பாட்டு. நீங்கள் சொன்ன வளைவைப் போட்டும் தாமதம் போகவில்லை. கணினியே மெதுவாக இருக்கிறதோ?

கண்டனூர்க்காரன்

உங்களுடையது வேறு நோய்போல் இருக்கிறது. முதல் வரியிலும் கடைசி வரியிலும் தாமதம் ஒரே அளவா, போகப்போகக் கூடுகிறதா? மார்க்கர் வைக்கும்போது எதில் கேட்டீர்கள்?

பள்ளத்தூர் ஸ்டுடியோ

முதல் வரியில் சரியாகத்தான் இருக்கிறது. நான்கு நிமிடப் பாட்டு. முடிவில் கால் நொடி பின்தங்குகிறது. புளூடூத் ஹெட்போனில் கேட்டேன்.

கண்டனூர்க்காரன்

புளூடூத் குற்றவாளி என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிசகும். அதையும் மாற்றுங்கள், கம்பி ஹெட்போனில்தான் மார்க்கர் வைக்க வேண்டும். ஆனால் கூடிக்கொண்டே போவது ஃபிரேம் கணக்குக் கோளாறு. எழுத்தை 24-இல் செய்து, ஒலி இல்லாமல் ஏற்றுமதி செய்து, திருமண டைம்லைன் 23.976-இல் இருக்க, அந்தக் கோப்பையும் 23.976 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும். 240 நொடிக்கு 0.24 நொடி, நீங்கள் சொல்லும் கால் நொடி.

பள்ளத்தூர் ஸ்டுடியோ

24-இல்தான் செய்திருக்கிறேன். டைம்லைனை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

கோட்டையூர் ஆச்சி மகள்

நான் அழைப்பிதழ் வடிவமைப்பவள், வீடியோ பக்கம் பிறகு வந்தவள். நேரக் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வரியில் எது பெரிய எழுத்து என்பதுதான் கேள்வி. அண்ணன் அனுப்பிய துண்டில் "கந்தா" 200 பிக்சல், மற்ற நான்கு சொல்லும் 90. பாடிய சொற்கள் மறையாமல் மங்கி நிற்கின்றன, பாடும் சொல் மட்டும் முழு வெள்ளை. இதுவரை எனக்குச் சம்மதம். வரி முழுதாகக் கண்ணில் இருப்பதால் வினைமுற்று வரும்போது எழுவாயைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் பாட்டில் ஒவ்வொரு வரியும் "கந்தா" என்றே முடிகிறது. ஒவ்வொரு முறையும் அதையே ஊதிக் காட்டினால் மூன்றாவது வரிக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்? அடுத்த வரி "களைப்பெல்லாம் மறந்ததையா கந்தா". அங்கே பெரிதாக வேண்டியது "மறந்ததையா" அல்லவா?

கண்டனூர்க்காரன்

பாடகர் "கந்தா"வை இரண்டு நொடிக்கு நீட்டுகிறார், ஆச்சி. "மறந்ததையா" அரை நொடியில் ஓடிவிடுகிறது. அரை நொடி நிற்கும் சொல்லை 200 பிக்சலில் போட்டு, இரண்டு நொடி நிற்பதைச் சிறிதாக்கினால் திரை காலியாக நிற்கும். மேலும் "மறந்ததையா" அகலமான சொல். 200-இல் போட்டால் திரையில் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும்.

கோட்டையூர் ஆச்சி மகள்

அளவு ஒன்றுதான் வழியா? "மறந்ததையா"வை 90-லேயே விட்டு, தடித்த எழுத்தாக்கி மஞ்சள் நிறம் கொடுங்கள். "கந்தா" பெரிதாகவே, மெல்லிய எழுத்தில் இருக்கட்டும். ஒரு வரியில் ஒரு சொல்லுக்கு அளவால் முதலிடம், இன்னொன்றுக்கு நிறத்தால். மூன்றாவதாக ஒன்றைத் தூக்கினால் எல்லாம் கெடும்.

தடிப்பிலும் ஒரு கவனம். நோட்டோ சான்ஸ் தமிழில் ஒன்பது தடிப்புகள் உண்டு. கடைசித் தடிப்பை எடுக்காதீர்கள். ஞ, ண, ஜ ஆகியவற்றின் உள்வெளி அடைந்து, தொலைபேசியில் கறுப்புக் கட்டியாகத் தெரியும். பாதயாத்திரைக்காரர்கள் போனை நிமிர்த்திப் பிடித்தபடியே பார்ப்பார்கள். அப்போது படத்தின் உயரம் நான்கு சென்டிமீட்டர்கூட இராது, உங்கள் 90 பிக்சல் சுமார் மூன்று மில்லிமீட்டர். வெயிலில் அதில் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். "கந்தா", "கநதா" ஆகிவிடும்.

ஆத்தங்குடி ராகம்

நான் பாடுகிறவள். தாளத்துக்குத் தட்டித் தட்டி எழுத்தைப் போட்டால் போதுமே, அலைவடிவம் எதற்கு? ஒரு நண்பர் என் தாலாட்டுக்கு அப்படித்தான் செய்தார். ஆனால் நான் "ஆராரோ"வில் ஒரு சங்கதி போடும் இடத்தில் எழுத்து மூன்று முறை வீங்கி வீங்கி அடங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்டனூர்க்காரன்

தாளத்துக்குத் தட்டினால் தாளம் கிடைக்கும், பாட்டு கிடைக்காது, அம்மா. நீங்களே அடியில் சரியாக விழாமல் கொஞ்சம் தள்ளி எடுப்பீர்கள், அதுதானே அழகு. தட்டி வைப்பது முதல் சுற்றுக்கு நல்லது. ஒலி ஓடும்போது எண் பலகையின் `*` விசை மார்க்கர் போடும். பிறகு ஒவ்வொன்றையும் அலைவடிவம் பார்த்து நகர்த்த வேண்டும்.

சங்கதிக்குத் துடிப்பு வேண்டாம். கேட்பவர் அதை மூன்று சொல்லாகக் கேட்பதில்லை, ஒரே சொல்லின் நீட்சியாகத்தான் கேட்கிறார். நான் "கந்தா"வுக்கு வந்து அடங்கிய பிறகு, இரண்டு நொடியும் 100-லிருந்து 104 சதவீதம்வரை நேர்கோட்டில் வளரவிட்டேன். அங்கே வளைவே கூடாது. முடிவில் அடங்கினால், நீங்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கும்போதே எழுத்து செத்துவிடும்.

ஆத்தங்குடி ராகம்

நான் மூச்சு விடும் இடத்தில்?

கண்டனூர்க்காரன்

அங்கேதான் வரி வெளியேற வேண்டும், அடுத்த வரி வரும்போது அல்ல. வெளியேற 6 ஃபிரேம், மெதுவாகக் கிளம்பி வேகமெடுக்கும் வளைவு.

தேவகோட்டை எடிட்டர்

அண்ணே, எழுத்தெழுத்தாக வரவைத்துப் பார்த்தீர்களா? நான் செய்தபோது "வந்தோம்" சொல்லில் ஏகாரக் கொம்பு முதலில் வந்தது, த பிறகு, கால் கடைசியில்.

கண்டனூர்க்காரன்

`Range Selector`-இல் `Based On` என்பதை `Words` ஆக்குங்கள். எழுத்தெழுத்தாகத்தான் வேண்டும் என்றால் "வ", "ந்", "தோ", "ம்" என்று தனித்தனி அடுக்காகப் பிரித்துக் கையால் வைப்பதைத் தவிர நான் வேறு வழி கண்டதில்லை. ஒரு முழுப் பாட்டுக்கு அதைச் செய்ய மாட்டேன். தலைப்புக்கு மட்டும் செய்வேன்.

கோட்டையூர் ஆச்சி மகள்

பேச்சு மாறிவிட்டது. "மறந்ததையா" என்ன ஆயிற்று?

கண்டனூர்க்காரன்

மஞ்சளாக்கி ஒரு பிரதி குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன், ஆச்சி. இளையவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பெரியவர் ஒருவர் "முருகன் பேரைவிட வேறொன்று பளிச்சென்று தெரியலாமா?" என்கிறார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.