புதுப்பிப்பு: தோழிக்கு அனுப்பிய மெசேஜை மாற்றி எழுதினேன்

முன்பு கேட்டது: "ஒரே டீமில் இருக்கும் நெருங்கிய தோழி ரிப்போர்ட்டைத் தாமதமாகத் தந்தாள். 'மறுபடியும் லேட்டாடி?' என்று அனுப்பிவிட்டேன், பதிலே இல்லை. எப்படி மாற்றி எழுதுவது?"

வேலையையும் நட்பையும் ஒரே மெசேஜில் கலக்காதே என்று வந்த பதில்களில் ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. 'நீங்க' போட்டு எழுதச் சொன்னவர் பாதி சரி. எழுதிப் பார்த்தேன், பத்து வருடமாக 'டி' போட்டுப் பேசுகிறவளிடம் அது கோபித்துக்கொண்ட மாதிரியே இருந்தது.

முதலில் 'மறுபடியும்' என்ற சொல்லை எடுத்தேன். ஆபீஸ் சாட்டில் போனது: "வியாழன் மதியம் 3 மணிக்குள் அடுத்த ரிப்போர்ட் வேணும், வெள்ளி காலை கிளையண்டுக்குப் போகணும். முடியலன்னா புதன்கிழமையே சொல்லு, டேபிள்களை நான் போட்டுடறேன்."

வாட்ஸப்பில் தனியாக: "நேத்து நான் கேட்ட விதம் தப்புடி. சாயங்காலம் டீக்கு வர்றியா?"

ரிப்போர்ட் புதன் இரவே வந்துவிட்டது. டீக்குத்தான் இன்னும் பதில் இல்லை, நீல டிக் மட்டும்.