நாளை மாலை அச்சுக்கு: எந்தத் திருத்தம் முதலில்?

கோவை பம்ப்செட் நிறுவனம் ஒன்றின் பிரோஷர். 8 பக்கம், நடுவில் பின் அடிப்பது. முழு வரைவும் இன்று காலைதான் வேர்டு ஃபைலாக வந்தது. நாளை மாலை 5 மணிக்குள் பிரஸ்ஸுக்கு பிடிஎஃப் போக வேண்டும்.

லேஅவுட்டில் போட்டால் 9 பக்கம் வருகிறது. பின் அடிப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வர வேண்டும்: 8 அல்லது 12. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், அட்டவணை படிக்கவே முடியவில்லை. ஒரே மாடல் 3ஆம் பக்கத்தில் 1.5 எச்பி, 6ஆம் பக்க அட்டவணையில் 2 எச்பி. இரண்டு இடத்திலும் 1.1 கிலோவாட் என்றிருப்பதால் 1.5தான் சரியாக இருக்கும், ஆனாலும் அவர்கள் சொல்லாமல் மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் கேட்டால், “நீங்களே பார்த்துக்கோங்க” என்கிறார்கள்!

பிழைதிருத்தத்தைத் தொடவில்லை. வெட்டப்போகும் பத்தியில் சந்திப்பிழை பார்த்து என்ன பயன்?

எண்களுக்கு ஒப்புதல் வரும்வரை காத்திருக்காமல், நிறுவன வரலாற்றை வெட்டி 8 பக்கத்துக்குக் கொண்டுவருவதை முதலில் முடித்துவிடலாமா?