ஜிப் ரன்னருக்கு ‘ஓடி’ பொருந்துமா?

சத்துவாச்சாரியிலிருந்து:
வணக்கம். என் தோல் ஜாக்கெட்டில் ரன்னரை மேலே இழுத்தால் போகிறது, ஆனால் அது கடந்த இடத்தில் பல் பிளந்துகொள்கிறது. ஜாக்கெட்டை முழுதாகப் படமெடுத்து லாங் பஜார் தையல்காரருக்கு அனுப்பினேன். “இதை வைத்துச் சாமான் வாங்க முடியாதுங்க” என்றார். எப்படிப் படமெடுக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். அதில் ரன்னரை ‘ஓடி’ என்று எழுதலாமா?

குடியாத்தத்திலிருந்து:
‘ஓடி மாற்ற வேண்டும்’ என்று எழுதினால் ஓடிப்போய் மாற்றுவதாகப் படிப்பார்கள். ‘நகர்வி’ நல்லது. ரன்னரின் முதுகில் ஓர் எண் இருக்கும், அதுதான் ஜிப்பின் அங்குல நீளம். அதை அனுப்பினால் போதும்.

ராணிப்பேட்டையிலிருந்து:
எண்ணைப் பார்க்கச் சொன்னது சரி. ஆனால் அது நீளம் இல்லை. ஜிப்பை மூடினால் இரண்டு பக்கப் பல்லும் சேர்ந்து எத்தனை மில்லிமீட்டர் அகலம் வருமோ, ஏறக்குறைய அந்த அளவு. ஜாக்கெட்டில் பெரும்பாலும் 5 இருக்கும். தோல் உடுப்புத் தையலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், எண் மட்டும் போதாது. உலோகப் பல்லுக்கான 5 ரன்னர் நைலான் ஜிப்பில் சரியாக ஓடாது. நைலானில் பல் தனித்தனியாக இருக்காது, ஒரே இழை சுருள் சுருளாகப் போகும். அது தெரியும்படி, மூடிய பல்லின் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் கிட்டத்தில் ஒரு படம். ரன்னரின் முதுகு ஒரு படம். அப்புறம், கண்டிப்பாக அடிமுனை ஒரு படம்.

ஆம்பூரிலிருந்து:
என் பையன் பேன்ட் கொக்கி விழுந்துவிட்டது. அதற்கும் ‘ஓடி’ என்றே சொல்லலாமா?

ராணிப்பேட்டையிலிருந்து:
அது வேறுங்க. கொக்கிக்கு, பேன்ட்டில் மிச்சமிருக்கும் மறுபாதியை முன்னும் பின்னும் படமெடுங்கள். தைத்ததா, துணியில் அழுத்திப் பதித்ததா என்பது பின்பக்கத்தில்தான் தெரியும்.

சத்துவாச்சாரியிலிருந்து:
எடுத்துவிட்டேன் ஐயா. முதுகில் 5, பல் உலோகம், ஸ்கேலில் 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடியில் ஒரு பக்கம் சின்னப் பெட்டி மாதிரி, மறுபக்கம் அதில் செருகும் கம்பி. கம்பி ஓரத்து நாடா நைந்து நூல் நூலாக நிற்கிறது.

ராணிப்பேட்டையிலிருந்து:
அப்படியென்றால் ரன்னர் மாற்றிப் பயனில்லை, முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லுங்கள். நாடா நன்றாக இருந்திருந்தால் ரன்னர் இருக்கும் பக்கத்து மேல் தடையைக் கழற்றி, பழையதை உருவிவிட்டுப் புதியதைக் கோத்துவிடலாம். பெரும்பாலும் ரன்னர் தேய்ந்து வாய் அகன்றால் பல் இப்படிப் பிளக்கும். குறட்டால் லேசாக அழுத்தினால் கொஞ்ச நாள் பிடிக்கும், ஓங்கி அழுத்தினால் உடைந்துவிடும். முழு ஜிப்புக்கு நீளமும் வேண்டும். ஜாக்கெட்டை மேசையில் விரித்து, அடிப் பெட்டியிலிருந்து மேல் தடை வரை அளந்து அனுப்புங்கள்.

சொல்லைப் பற்றி: கடையில் ‘ரன்னர்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதை எடுத்துவிடாதீர்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து:
ரன்னர் இருக்கட்டும், பக்கத்தில் தமிழ்ச் சொல்லும் போடுகிறேன். அடிமுனைக்குக் ‘கூடு’, ‘செருகுகம்பி’ என்று எழுதியிருக்கிறேன். ஓடியா நகர்வியா என்பதற்கு மற்றவர்களும் எழுதுங்கள்.