ஸ்ட்ரைக் 84, புட் 55 பைசா: காலியாக இருந்த ஒரு கட்டம்

கணக்காளர், கடலூர் முதுநகர்

இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு பார்க்கிறேன். மூன்று மாதத்தில் வரவிருந்த ஒரு லட்சம் டாலருக்கு, 84 ரூபாய் ஸ்ட்ரைக்கில் புட் ஆப்ஷன், அதாவது டாலர் எவ்வளவு இறங்கினாலும் 84-க்கு விற்கும் உரிமை, என்ன விலை என்று கேட்டோம். அன்றைய சந்தை விலையான ஸ்பாட்டும் ஏறக்குறைய 84-தான். வங்கி டாலருக்கு 55 பைசா, அதாவது மொத்தம் 55,000 ரூபாய் என்றது. முதலாளியின் மகன் பொறியியல் படித்தவர். எக்செல்லில் தானே ஒரு கணக்குப் போட்டு, நியாயமான விலை 20 பைசாதான் என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். மூன்று மடங்கு கேட்கிறார்கள் என்ற கோபம் அவருக்கு.

அங்கிருந்த அந்நியச் செலாவணி அதிகாரி குரலை உயர்த்தவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, டாலர் வட்டி எங்கே என்று மட்டும் கேட்டார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அதில் 4.5 என்று தட்டினார். 20 பைசா என்று இருந்தது 47 பைசாவாக மாறியது. ரூபாய் வட்டி 6.5, டாலர் விலையின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 4 சதவீதம், காலம் கால் ஆண்டு. வேறு எதையும் அவர் தொடவில்லை. அதற்குப் பிறகு மீதி 8 பைசாவைப் பற்றி மட்டுமே பேச்சு நடந்தது.

ஒரே ஒரு வட்டி விகிதம் விலையை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தியது எப்படி என்பது எனக்கு இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. ஏற்றுமதி இறக்குமதித் தொழிலில் இருப்பவர்கள் இதைச் சந்தித்திருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

முந்திரி வியாபாரி, பண்ருட்டி

உங்களுக்கு 55 பைசாவில் முடிந்தது. நாங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்குமதி செய்கிறோம், டாலர் வாங்கவேண்டியவர்கள். அதே மூன்று மாதம், அதே 84 ஸ்ட்ரைக், ஆனால் டாலரை வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனுக்கு 96 பைசா சொன்னார்கள். டாலரை விற்க உரிமை வாங்கினால் என்ன விலை என்று அப்போதே கேட்டேன். 55 என்றார்கள். ஒரே மேசை, ஒரே நிமிடம், ஒரே ஸ்ட்ரைக். விற்பவனுக்கு 55, வாங்குபவனுக்கு 96. டாலர் ஏறத்தான் போகிறது என்று வங்கிக்கு முன்பே தெரியும், அதனால்தான் எங்களிடம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். கணக்காளர் ஐயா வட்டியைப் பற்றிச் சொல்கிறார். எனக்கு அது வட்டி விஷயமாகவே தோன்றவில்லை. ஆப்ஷனே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வணிகவியல் ஆசிரியர், புதுச்சேரி

டாலர் வட்டியை விட்டுவிட்டால் விடை தவறும் என்பது சரி. ஆப்ஷன் விலையைக் கணக்கிட 1973-இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் ஈவுத்தொகை தராத பங்குக்கானது. டாலரோ கையில் இருந்தால் வட்டி ஈட்டும் பொருள். அந்த வட்டியையும் சேர்த்து கார்மனும் கோல்ஹேகனும் 1983-இல் சூத்திரத்தை விரித்து எழுதினார்கள். அந்தத் தம்பி பங்குக்கான சூத்திரத்தையே எடுத்து டாலருக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் ரூபாய் வட்டியாக 6.5 போட்டதை நான் ஏற்கவில்லை. அந்த நிறுவனம் ஏற்றுமதிக் கடனுக்கு 9 சதவீதம் கட்டுகிறது என்றால், அதன் பணத்தின் விலை 9-தான். அதைப் போட்டால் புட் 30 பைசாவுக்கு இறங்கும். எனக்குத் தெரிந்த ஒரு தோல்பொருள் ஏற்றுமதியாளருக்கு இப்படித்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதை வைத்துப் பேரம் பேசியும் வங்கி ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற டீலிங் அறை ஊழியர், லாஸ்பேட்டை

மூவருக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அது ஃபார்வர்டு விலை, அதாவது மூன்று மாதம் கழித்துக் கைமாறும் டாலருக்கு இன்றே பேசி முடிக்கும் விலை. ரூபாய்க்கு 6.5, டாலருக்கு 4.5 என்றால் ஆண்டுக்கு 2 சதவீத வித்தியாசம். கால் ஆண்டுக்கு அரை சதவீதம். 84-இல் அரை சதவீதம் 42 பைசா. ஆகவே மூன்று மாத ஃபார்வர்டு 84.42. இது யாருடைய கணிப்பும் அல்ல. ரூபாயைக் கடன் வாங்கி, டாலராக மாற்றி, டாலர் வட்டியில் போட்டு வைப்பவனுக்கு நட்டமும் லாபமும் இல்லாமல் போகும் விலை அது. ஆப்ஷனை விற்கும் வங்கியும் தன்னைக் காத்துக்கொள்ள அந்த விலையில்தான் டாலரை வாங்கவோ விற்கவோ முடியும்.

இப்போது காலிக் கட்டத்தைப் பாருங்கள். டாலர் வட்டி பூஜ்யம் என்று வைத்தால் ஃபார்வர்டு 85.38-க்குப் போய்விடுகிறது. சந்தை 85.38-இல் நிற்க, 84-க்கு விற்கும் உரிமையை யார் பெரிதாக மதிப்பார்கள்? அதனால்தான் 20 பைசா. 4.5 என்று தட்டியதும் ஃபார்வர்டு 84.42-க்கு இறங்கி ஸ்ட்ரைக்கின் அருகில் வந்தது. உரிமைக்கு மதிப்புக் கூடியது. எக்செல்லில் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு:

```
F   = S*EXP((r-q)*T)
d1  = (LN(F/K)+v^2*T/2)/(v*SQRT(T))
d2  = d1-v*SQRT(T)
Put = EXP(-r*T)*(K*NORM.S.DIST(-d2,TRUE)-F*NORM.S.DIST(-d1,TRUE))
```

S ஸ்பாட், K ஸ்ட்ரைக், r ரூபாய் வட்டி, q டாலர் வட்டி, v ஏற்ற இறக்கம், T ஆண்டுக் கணக்கில் காலம். எக்செல்லில் ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் அந்த எண் இருக்கும் கட்டத்தின் முகவரியைப் போடுங்கள்; 6.5 சதவீதத்தை 0.065 என்று எழுதுங்கள்.

பண்ருட்டி அண்ணாச்சிக்கு ஒன்று சொல்கிறேன். 84-இல் ஒரு கால் வாங்கி, அதே 84-இல் ஒரு புட் விற்றால், டாலர் எங்கே போனாலும் மூன்று மாதம் கழித்து நீங்கள் 84-க்கு டாலர் வாங்கியே தீரவேண்டும். சந்தையில் அந்த டாலரின் ஃபார்வர்டு விலை 84.42. எனவே மூன்று மாதம் கழித்து வரும் அந்த 42 பைசா சாதகத்துக்கு, வட்டி போக, இந்த ஜோடி இன்றைக்கு 41 பைசா பெறும். 96-இலிருந்து 55-ஐக் கழித்துப் பாருங்கள். வங்கி உங்களை வேறு மாதிரி நடத்தவில்லை. ஸ்ட்ரைக்கை 84-க்குப் பதில் 84.42 என்று கேட்டிருந்தால் காலும் புட்டும் ஒரே விலையாக வந்திருக்கும்.

ஆசிரியர் ஐயா சொன்ன 9 சதவீதத்தில் அந்த நிறுவனத்தின் நம்பகத்தன்மைக்கான கூடுதல் வட்டியும் கலந்திருக்கிறது. அதைப் போட்டால் ஃபார்வர்டு 84.95 என்று வரும்; எந்த வங்கியும் அந்த விலையில் உங்களிடம் டாலர் வாங்காது. சரியான வட்டியைத் தேடி அலைவதைவிட, வங்கி சொல்லும் ஃபார்வர்டு விலையையே F இருக்கும் இடத்தில் போடுவது நல்லது. இங்கே ஸ்பாட்டுக்கும் ஃபார்வர்டுக்கும் உள்ள இடைவெளி, டாலருக்கான தேவையைப் பொறுத்து, இரு நாட்டு அரசுப் பத்திரங்களின் வட்டி வித்தியாசத்திலிருந்து விலகி நிற்பது வழக்கம்.

யாரும் கேட்காவிட்டாலும் கணக்காளருக்கு இதையும் சொல்லவேண்டும். 55 பைசா நியாயமா என்பதற்கு முன்னால், ஃபார்வர்டோடு ஒப்பிட்டீர்களா? ஃபார்வர்டில் விற்றால் 84.42 கையில் நிச்சயம். புட் வாங்கினால் மிகக் குறைந்த வரவு 84-இலிருந்து புட்டுக்குக் கட்டும் 55 பைசா பிரீமியமும் அதன் வட்டியும் போக ஏறத்தாழ 83.44. முடிவு நாளில் டாலர் ஏறக்குறைய 84.98-ஐத் தாண்டினால்தான் புட் வாங்கியவர் ஃபார்வர்டில் விற்றவரை முந்துவார். சரக்குக்கான ஆர்டர் உறுதியான பிறகு, ஃபார்வர்டு பெரும்பாலும் போதும். வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக்கூடும் என்ற சந்தேகம் இருக்கும்போது ஆப்ஷன் உதவும். அப்போது ஃபார்வர்டு போட்டவர் இல்லாத டாலரைக் கொடுக்கவேண்டிய நிலைக்கு வருவார், புட் வாங்கியவருக்குப் போவது பிரீமியம் மட்டும்.

யூரோ ஓய்வூதியர், புதுச்சேரி

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவன். எனக்கு மாதந்தோறும் யூரோவில் ஓய்வூதியம் வருகிறது. யூரோ விழுந்தால் வீட்டுச் செலவு இடிக்கிறது. இந்த 84 ரூபாய் ஆப்ஷனை நானும் வாங்கலாமா? வங்கியில் கேட்டபோது ஒரு பெண் ஊழியர் பங்குச்சந்தை எக்ஸ்சேஞ்சில் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஓய்வுபெற்ற டீலிங் அறை ஊழியர், லாஸ்பேட்டை

ஐயா, 84 டாலருக்கான விலை. உங்களுக்கு யூரோ விலையும் யூரோ வட்டியும் வேண்டும். ஏற்ற இறக்கத்துக்கும் டாலரின் 4 சதவீதம் பொருந்தாது. டாலருக்கு எதிராக ரூபாய் அசையாத நாளிலும் யூரோ டாலருக்கு எதிராக அசையும்; அது முழுவதும் உங்கள் விலையில் விழும், பிரீமியம் கூடுதலாகவே இருக்கும். எக்ஸ்சேஞ்சில் வாங்குவதற்கும் உண்மையான செலாவணி வரவு இருக்கவேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2024-இல் வலியுறுத்தியது. உங்கள் ஓய்வூதியம் அதில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதைத் தரகரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்திரி வியாபாரி, பண்ருட்டி

41 பைசாக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 84.42-இல் கேட்டிருந்தாலும் என் செலவு குறைந்திருக்காதே? பிரீமியம் குறையும், டாலரை 42 பைசா கூடுதலாக வாங்குவேன். வட்டி வித்தியாசத்தை இறக்குமதிக்காரன் எப்படியும் சுமக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

கணக்காளர், கடலூர் முதுநகர்

ஃபார்வர்டு விளக்கத்துக்கு நன்றி. மீதி 8 பைசா இன்னும் நிற்கிறது. ஏற்ற இறக்கம் ஒரு சதவீதம் கூடினால் இந்த புட் 16 பைசா கூடுகிறது. ஆகவே வங்கி 4.5 சதவீதத்தில் விலை வைத்திருக்கிறது. ஆனால் கடந்த மூன்று மாதங்களின் தினசரி மாற்றங்களை எடுத்துத் திட்டவிலக்கம் பார்த்தேன்; நாளுக்கு 0.16 சதவீதம். ஆண்டில் 252 வேலை நாள் என்று வர்க்கமூலத்தால் பெருக்கினால் 2.5-தான் வருகிறது. அதைப் போட்டால் விலை 24 பைசா. நடந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அசைவுக்கு நாங்கள் ஏன் பணம் கட்டவேண்டும்?

ஓய்வுபெற்ற டீலிங் அறை ஊழியர், லாஸ்பேட்டை

2013 மே மாதம் டாலர் 55 ரூபாய்க்கு அருகில் இருந்தது. அமெரிக்க மத்திய வங்கி பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்ற பேச்சு வந்தது. ஆகஸ்ட் 28-இல் 68-ஐத் தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய வாரங்களை வைத்து நீங்கள் சொன்ன கணக்கைப் போட்டவர்கள் எங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கால் ஆப்ஷன் விலை அதிகம் என்று சொல்லி வாங்காமல் போனவர்கள், ஜூலையில் வந்து கேட்டபோது விலை கேட்டு அப்படியே எழுந்து நின்றார்கள். ரூபாய் அமைதியாக இருப்பதற்கு ரிசர்வ் வங்கி சந்தையில் டாலர் வாங்கி விற்பதும் ஒரு காரணம். அந்தக் கை விலகும் நாள் உங்கள் மூன்று மாதப் பட்டியலில் இருக்காது.

கணக்காளர், கடலூர் முதுநகர்

2013-இல் டாலர் ஏறியது, ஐயா. புட் வாங்கிய ஏற்றுமதியாளருக்கு அந்தப் புயல் லாபம். அவர் ஆப்ஷனைப் பயன்படுத்தியே இருக்கமாட்டார். டாலர் இறங்கும் பக்கமும் அதே அளவு ஆபத்து என்று ஒரே 4.5-ஐ இரு பக்கமும் வைப்பது சரியா? சூத்திரத்தில் ஒரே ஒரு v-க்குத்தான் இடம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற டீலிங் அறை ஊழியர், லாஸ்பேட்டை

நல்ல கேள்வி. டீலிங் அறையில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் வேறு வேறு v வைப்பார்கள். டாலர் ஏற்றத்தின் பக்கம் உள்ள கால்களுக்குப் பொதுவாகக் கூடுதல். ஆனால் 84 போன்ற ஒரே ஸ்ட்ரைக்கில் காலுக்கும் புட்டுக்கும் ஒரே v-தான். அப்படி இல்லையென்றால் அந்த 41 பைசா உடைந்துவிடும். 83-இல் ஒரு புட் விலை கேட்டு, அதிலிருந்து v-ஐத் திருப்பிக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் 84 புட்டை இன்னொரு வங்கியிலும் அதே நிமிடத்தில் கேளுங்கள். இரண்டிலும் 4.5 வந்தால் அது சந்தை விலை, ஒன்றில் 4.1 வந்தால் வித்தியாசம் வங்கியின் லாபம்.

கணக்காளர், கடலூர் முதுநகர்

திங்கட்கிழமை இரண்டு வங்கிகளிலும் கேட்கிறேன். ஃபார்வர்டு விலையையும் சேர்த்தே வாங்கி வருகிறேன்.